ரத்தத்தில் குறைவு, ஈரலில் மிகுதி

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமாகக் கையெழுத்து கோணலாகிறது, பேச்சு குழறுகிறது, வாயோரம் எச்சில் வழிகிறது. பள்ளியில் கவனக்குறைவு என்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து, தானாகவே சரியாகியிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர் செம்புக்கான ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார். வந்த முடிவு வீட்டாரைக் குழப்புகிறது. 100 மில்லி சீரத்தில் 70 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய செம்பு 55தான் இருக்கிறது. ஆனால் மருத்துவரோ, உடம்பில் செம்பு அதிகமாகிவிட்டது என்கிறார்.

இரண்டும் உண்மைதான். நாம் சாப்பிடும் உணவில் தினமும் ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு இருக்கிறது. குடல் உறிஞ்சிக்கொள்ளும் செம்பு முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கே ATP7B என்ற மரபணு உண்டாக்கும் புரதம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தேவையான செம்பைச் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புகிறது. மிஞ்சியதைப் பித்தநீர் வழியாக வெளியேற்றுகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்த குழந்தைக்கு இந்த இரண்டு வேலையும் நடப்பதில்லை. இதுதான் வில்சன் நோய். 1912இல் இதை விவரித்த நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சனின் பெயரால் அழைக்கப்படுகிறது.

நம் ரத்தத்தில் உள்ள செம்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு செருலோபிளாஸ்மினில்தான் இருக்கிறது. அந்தப் புரதம் குறைந்தால் ரத்தத்தில் மொத்தச் செம்பும் குறைவாகத் தெரியும். ஆனால் ஈரலில் அது தேங்கிக்கொண்டே இருக்கும். ஈரல் தாங்காதபோது ஒட்டாத செம்பாகக் கசிந்து மூளையிலும் கண்ணிலும் படியும். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையமாக அது தெரிவதுண்டு. கண் மருத்துவரின் பிளவு விளக்கில்தான் பெரும்பாலும் அதைப் பார்க்க முடியும்.

அந்தப் பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவளுடைய செருலோபிளாஸ்மின் 100 மில்லிக்கு 8 மில்லிகிராம்; 20க்கு மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு மில்லிகிராமும் சுமார் 3.15 மைக்ரோகிராம் செம்பைச் சுமக்கும் என்பதால் 8ஐ 3.15ஆல் பெருக்கினால் 25 வருகிறது. மொத்தம் 55இல் அது போக 30 மைக்ரோகிராம் எதிலும் பத்திரமாகக் கட்டப்படாமல் திரிகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு இது 15ஐத் தாண்டாது.

இந்தக் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டார்கள். உடலில் அழற்சி இருந்தாலும், கர்ப்ப காலத்திலும் செருலோபிளாஸ்மின் உயரும். அப்போது நோய் மறைந்துவிடும். ஊட்டக்குறைவிலும், சிறுநீரில் புரதம் ஒழுகும்போதும் நோயில்லாமலே குறையும். ஆகவே 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளக்கிறார்கள். நோய் அறிகுறி உள்ளவர்களிடம் பெரும்பாலும் 100 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு வெளியேறும். இதற்கு ஆய்வகம் தரும் பாத்திரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் உலோகமே முடிவைக் கெடுத்துவிடும்.

1956இல் ஜான் வால்ஷ் அறிமுகப்படுத்திய பெனிசிலமின் செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்துப் போகிறது. சிலருக்குத் தொடக்கத்தில் நடுக்கம் கூடுவதால் சிறிய அளவில் தொடங்குவார்கள். இன்னொரு மருந்து துத்தநாகம். குடல் சுவரின் செல்களில் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தை அது பெருக்குகிறது. அந்தப் புரதம் செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். ஆயுள் முழுக்க மருந்து வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தியவர்களுக்கு ஈரல் திடீரெனச் செயலிழந்ததுண்டு. செம்புக் குடத்துத் தண்ணீரும் இவர்களுக்கு ஆகாது.

நோயைக் கட்டுப்படுத்தும் இதே துத்தநாகம், நோயில்லாதவர் மாத்திரையாக மாதக்கணக்கில் அதிகம் சாப்பிட்டால் செம்புக் குறைபாட்டை உண்டாக்கும். ரத்தசோகை வரும், வெள்ளை அணுக்கள் குறையும், நடை தடுமாறும். இந்த ரத்தசோகை இரும்பு மாத்திரைக்கு மசியாது. சேமிப்பிலிருந்து இரும்பு வெளியே வந்து டிரான்ஸ்ஃபெரினில் ஏற, செம்பு ஏறிய செருலோபிளாஸ்மின் உதவ வேண்டும். துத்தநாகத்தை நிறுத்திச் செம்பு கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். நரம்புச் சேதம் முழுதும் மீளாமல் போகலாம்.

நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில், ஒரே பழுதை இருவரும் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். ஒரு பிள்ளைக்கு வில்சன் நோய் என்று உறுதியானால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எந்தத் தொந்தரவும் இல்லையென்றாலும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லாரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அறிகுறி வருமுன் மருந்தைத் தொடங்கி விடாமல் சாப்பிடும் பிள்ளை, மற்றவர்களைப் போலவே வாழ முடியும்.