மண்ணில் குரோமியம்: கைக்கருவி காட்டும் எண்ணும் அமிலச் சோதனை தரும் எண்ணும்

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீர் பாய்ந்த நிலங்கள் பல உள்ளன. இந்தக் கழிவு நீரால் நேர்ந்த சேதம் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தோலைப் பதப்படுத்தப் பயன்படும் குரோமியம் உப்பு, நீருடன் வந்து மண்ணில் தங்கிவிடுகிறது. இத்தகைய நிலத்தின் மண்ணைச் சோதிக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கையில் ஏந்திச் செல்லும் எக்ஸ் கதிர் கருவி. மற்றொன்று, ஆய்வகத்தில் மண்ணை அமிலத்தில் கரைத்து அளப்பது. ஒரே மண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு எண்களைத் தரும்போது, எது சரி என்ற குழப்பம் உழவர்களுக்கு ஏற்படுகிறது. முறையாகச் செய்திருந்தால் இரண்டும் சரியே. ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கூறுகின்றன.

கருவி என்ன செய்கிறது?

பார்வைக்குத் துளையிடும் கைப்பொறி போலிருக்கும் இக்கருவியின் முனையில், ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தான் அகலத்தில் ஒரு சாளரம் உண்டு. அதன் வழியே எக்ஸ் கதிர் மண்ணின் மேல் பாய்கிறது. மண்ணிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுடைய வேறொரு கதிரைத் திருப்பி அனுப்புகிறது. குரோமியத்தின் கதிர் வேறு, இரும்பின் கதிர் வேறு. திரும்பி வரும் கதிர்களைக் கருவி தரம் பிரித்து எண்ணி, ஒன்றிரண்டு நிமிடங்களில் திரையில் Cr என்ற எழுத்துகளுக்கு நேரே அளவைக் காட்டுகிறது. ppm என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது 200 ppm என்றால், ஒரு கிலோ மண்ணில் 200 மில்லிகிராம் குரோமியம் உள்ளது என்று பொருள். <LOD என்று காட்டினால் குரோமியம் அறவே இல்லை என்று கொள்ளக் கூடாது. கருவியால் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைவாக உள்ளது என்பதே பொருள்.

இங்கு ஒன்றை மறத்தல் கூடாது. மண்ணிலிருந்து புறப்படும் குரோமியத்தின் கதிர் மிகவும் வலுக்குறைந்தது. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்திலிருந்து வரும் கதிரே கருவியை எட்டும். ஆகவே, கருவி அளப்பது வயலையன்று. சாளரத்திற்கு எதிரே மெல்லிய படலமாக உள்ள ஒரு சிட்டிகை மண்ணை மட்டுமே. அந்தச் சிட்டிகை வயலுக்குச் சான்றாக அமைய வேண்டுமானால், மண்ணைப் பக்குவப்படுத்தும் முறை சரியாக இருக்க வேண்டும்.

ஈர மண் ஏமாற்றும்

வயலில் ஈரமாக உள்ள மண்ணின் மேல் கருவியை வைத்து அளந்தால் எண் குறைந்தே வரும். ஒரு கிலோ ஈர மண்ணில் 250 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். மீதி 750 கிராம்தான் மண். காய்ந்த நிலையில் 300 ppm குரோமியம் உள்ள அந்த மண், ஈரத்தில் சுமார் 225 என்றே காட்டும். நீர், கதிரையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்வதால் உண்மையில் இன்னும் குறையலாம். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரமுள்ள மண்ணில் எடுத்த அளவை நம்பி எந்த முடிவும் செய்யலாகாது.

திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியுடன் ஒரு சிறிய எண் வரும். இதைப் பார்த்து, பிழை அவ்வளவுதான் என்று எண்ணிவிடலாகாது. கதிர்களை எண்ணுவதில் ஏற்படும் பிழை மட்டுமே அது. ஈரத்தாலும், கலக்காத மண்ணாலும், கல்லாலும் வரும் பிழை அதில் சேரவில்லை.

மண்ணைப் பக்குவப்படுத்துதல்

கழிவு நீர் பாய்ந்த வயலில் குரோமியம் பெரும்பாலும் மேல் மண்ணில், வாய்க்கால் மடை திறக்கும் பக்கமே மிகுதியாகப் படியும். நீர் ஓடத் தொடங்கிய இடத்தில் வண்டல் முதலில் அடங்கிவிடுவதே காரணம். எனவே வயல் முழுவதிலும் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்துவிட்டால், மடை வாயின் மிகுதி மறைந்துவிடும். மடை, நடு, கடை என வயலை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்து இடங்களில் அரை அடி ஆழம் வரை மண் எடுத்து, தனித்தனியே கலந்து வைக்க வேண்டும். இவற்றுடன் நான்காவதாக, கழிவு நீர் ஒருபோதும் பாயாத, அதே வகை மண்ணுள்ள பக்கத்து நிலத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுப்பது மிகவும் அவசியம்.

மண்ணை நிழலில் உலர்த்தி, கல், வேர் நீக்கி, மரக்கட்டையால் தட்டிப் பொடித்துச் சலிக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் கலந்துள்ளது. ஆதலால் எவர்சில்வர் சல்லடையும், எஃகு உருளை அரைவையும் தவிர்த்து, நைலான் சல்லடையும் பீங்கான் கல்வமும் பயன்படுத்துவது நலம். மாவு போன்ற மண்ணைச் சிறு கிண்ணத்தில் நிரப்பி, மெல்லிய படலத்தால் மூடி, மூன்று முறை அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மண்ணைக் கலக்கி வைக்க வேண்டும். மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று மிகவும் விலகி நின்றால், மண் நன்கு கலக்கவில்லை என்று அறியலாம். குரோமியத்தின் அளவு முன்பே தெரிந்த தர மண் ஒன்றை அன்றன்று அளந்து பார்த்து, கருவி சரியாக உள்ளதா என உறுதி செய்வதும் கருவியாளரின் கடமை. கருவியைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே இயக்க வேண்டும். அதன் முனையை எவர் மீதும் நீட்டலாகாது. மண்ணைக் கையில் ஏந்தி அளக்கவும் கூடாது.

அமிலத்தில் கரைவது எது?

ஆய்வகத்தில் ஒரு கிராம் மண்ணை எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் சேர்ந்த இராஜ திராவகத்தில் சூடாக்குவர். பின்பு வடிகட்டி, நீர் சேர்த்து 100 மில்லி லிட்டராக்கி, கருவியால் அளப்பர். அந்த நீரில் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம் குரோமியம் இருந்தால், மண்ணில் கிலோவுக்கு 240 மில்லிகிராம் என்று ஆகும்.

இந்த அமிலம் மண்ணை முழுவதும் கரைப்பதில்லை. தோல் கழிவிலிருந்து வந்து படிந்த குரோமியம் எளிதில் கரைந்துவிடும். ஆனால் பாறையிலிருந்தே வந்த குரோமைட் என்னும் கருமையான தாதுத் துகளும், மணலுக்குள் சிறைப்பட்ட குரோமியமும் பெரும்பாலும் கரையாமல் அடியில் தங்கிவிடும். எக்ஸ் கதிரோ கரைந்ததா, கரையாததா என்று பார்ப்பதில்லை. மொத்தத்தையும் எண்ணிவிடும். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி போன்று குரோமைட் பாறை உள்ள பகுதிகளில், தொழிற்சாலை எதுவும் இல்லாமலேயே கைக்கருவி அதிக எண்ணைக் காட்டக்கூடும். அதே மண்ணில் அமிலச் சோதனை குறைவாகவே காட்டும். தாதுக் குரோமியத்தைக் கழிவுக் குரோமியம் என்று தவறாகக் கருதிவிடாமல் இருக்க, இந்த வேறுபாட்டை அறிவது அவசியம்.

ஒரு கணக்கு

விளக்கத்திற்காக ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். மண்ணை நன்கு உலர்த்திக் கைக்கருவியால் அளந்தபோது, மடையில் 640, நடுவில் 310, கடையில் 150, பாயாத பக்கத்து நிலத்தில் 110 என்று வந்தன. அதே மண்ணை அமிலச் சோதனைக்கு அனுப்பியபோது, முறையே 560, 240, 85, 45 என்று வந்தன. எல்லாமே கிலோவுக்கு மில்லிகிராம்.

எண்களை அப்படியே ஒப்பிட்டால், கடைப்பகுதியில் கைக்கருவி ஏறத்தாழ இரு மடங்கு காட்டிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இரு முறைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நான்கு இடங்களிலும் 65 முதல் 80-க்குள்ளாகவே உள்ளது. கழிவு நீர் பாயாத நிலத்திலும் அது இருப்பதால், அமிலத்தில் கரையாத இயற்கைக் குரோமியம் அது என்று கொள்ளலாம்.

இனி, பாயாத நிலத்தின் எண்ணை ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துப் பார்ப்போம். கைக்கருவியின்படி கழிவால் கூடியது மடையில் 530, நடுவில் 200, கடையில் 40. அமிலச் சோதனையின்படி 515, 195, 40. இரண்டும் ஒன்றையே சொல்லிவிட்டன! பாயாத நிலத்தின் மாதிரி இல்லாமற் போயிருந்தால், இந்த உண்மை தெரிந்திருக்காது.

மாறாக, இரு முறைகளின் வித்தியாசம் இடத்திற்கு இடம் தாறுமாறாக இருந்தாலோ, அமில எண்ணே கைக்கருவியின் எண்ணைவிட மிகுந்து வந்தாலோ, மண் ஈரமாக இருந்ததா, சரியாகக் கலந்ததா என்று முதலில் பார்த்து, மீண்டும் அளக்கச் செய்ய வேண்டும்.

இரண்டும் சொல்லாதவை

குரோமியத்தில் இரு வகை உண்டு. தோல் பதனிடுவதில் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். இது மண்ணில் இறுகிப் படிந்து நிற்பதால், பயிரின் வேர் இதை மிகச் சிறிதளவே ஈர்க்கும். குரோமேட் உப்புகள் தயாரிக்கும் இரசாயனத் தொழிற்சாலைக் கழிவில் உள்ளது ஆறிணைதிறன் குரோமியம். இது நீரில் கரைந்து கிணறு வரை செல்லும்; நச்சுத் தன்மையும் மிகுந்தது. எக்ஸ் கதிர் கருவிக்கு இரண்டும் ஒன்றே. இராஜ திராவகத்தில் கரைத்தாலும் இரண்டும் கலந்தே வரும். ஆறிணைதிறனைத் தனியே அறியக் காரக் கரைசலில் வேறொரு சோதனை செய்ய வேண்டும். குரோமேட் கழிவுக் குவியல் அருகே உள்ள நிலத்துக்கும் கிணற்றுக்கும் அதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

மற்றொன்று இன்னும் முக்கியம். தோல் கழிவு பாய்ந்த நிலத்தில் பயிர் நுனி கருகி, முளைப்பு குறைந்து, மண் இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் குரோமியம் அன்று. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் சாதாரண உப்பே. அதிலுள்ள சோடியத்தைக் கைக்கருவியால் காண இயலாது. திரையில் குரோமியத்தின் எண் குறைந்து இருப்பதைப் பார்த்து, ‘நிலம் நன்றாக உள்ளது’ என்று விதைத்துவிட்டால் நட்டமே மிஞ்சும். உப்பின் நிலையை அறிய, மண் பரிசோதனை நிலையத்தில் மின் கடத்தும் திறன், கார அமில நிலை, மண்ணோடு ஒட்டியுள்ள சோடியம் ஆகியவற்றைப் பார்க்கச் செய்ய வேண்டும். பயிர் பிழைக்குமா என்பதற்கு இந்த எண்களே விடை தரும்.

எதை, எப்போது செய்விப்பது?

வயலில் எந்தப் பகுதி மிகவும் கெட்டுள்ளது, எதுவரை பரவியுள்ளது என்று பிரித்தறிய, பல இடங்களில் விரைவாக அளக்க உதவும் கைக்கருவியே ஏற்றது. அவ்வாறு அளந்தவற்றுள் மிகுந்தது, நடுத்தரமானது, குறைந்தது எனச் சில மாதிரிகளையும், பாயாத நிலத்தின் மாதிரியையும் அமிலச் சோதனைக்கு அனுப்பினால் போதும். எல்லா மாதிரிகளையும் அனுப்பிப் பணம் செலவிடத் தேவையில்லை.

நட்ட ஈடு கேட்கவோ, மேல் மண்ணை அகற்றுவது பற்றி முடிவு செய்யவோ எண் தேவைப்பட்டால், அறிக்கையில் நான்கு விவரங்கள் இருக்கின்றனவா என்று உழவர்கள் பார்த்து வாங்க வேண்டும். எந்த முறையில் அளந்தது, மண் உலர்த்தப்பட்டதா, எந்த ஆழத்தில் எடுத்தது, பாயாத நிலத்தின் எண் என்ன என்பவையே அவை. அரசும் ஆய்வகங்களும் கூறும் வரம்பு எண்ணுடன் ஒப்பிடும்போதும், அந்த வரம்பு மொத்தக் குரோமியத்துக்கா, அமிலத்தில் கரைவதற்கா, ஆறிணைதிறனுக்கா என்று கேட்டறிந்த பின்பே ஒப்பிட வேண்டும்.