பிரஸ் ஷாப்பில் பாதுகாப்புத் தணிக்கை

தொழிற்சாலையில் ஒருவர் காயம்பட்டால் அது குறைந்தது நான்கு இடங்களில் எழுத்தாக வேண்டும். முதலுதவி அறைப் பதிவேடு, விபத்துப் பதிவேடு, இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போகும் அறிக்கை, வருகைப் பதிவேடு ஆகிய நான்கையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு தேவைக்காக எழுதுகிறார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் புரட்டினால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அதனால், தேர்ந்த தணிக்கையாளர் நான்கையும் ஒரே மேசையில் பரப்பி, ஒரே தேதியை நான்கிலும் தேடிப் பார்ப்பார்.

கார் உதிரிபாகங்களுக்குத் தகடு வெட்டி வளைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். முதலுதவிப் பதிவேட்டில் ஒரு ஜூலை மாத இரவு, 2.40 மணிக்கு ஒரு வரி இருக்கிறது: வலது ஆள்காட்டி விரலில் ஆழமான வெட்டு, வெளி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. விபத்துப் பதிவேட்டில் அந்தத் தேதியே இல்லை. வருகைப் பதிவேட்டில் அந்தத் தொழிலாளிக்கு அடுத்த ஐந்து நாளும் ‘ஆஜர்’ விழுந்திருக்கிறது. ஆனால் வாசலில் அட்டை தேய்க்கும் இயந்திரத்தில் அந்த ஐந்து நாளில் ஒருமுறைகூட அவர் உள்ளே வந்ததற்கான தடம் இல்லை. வீட்டில் படுத்திருந்தவருக்குச் சம்பளம் கொடுத்து, வேலைநாள் இழப்பு நேரவில்லை என்று கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது.

இந்த மறைப்பு சட்டத்தையும் மீறுகிறது. விபத்தைத் தொடர்ந்து 48 மணி நேரமோ அதற்கு மேலோ ஒருவரால் வேலை செய்ய முடியாமல் போனால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு வகுத்த அளவுகோல். 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே 48 மணி நேரத்தையே வைத்திருக்கிறது. தொழிலாளிக்கு நேரும் இழப்பு இன்னும் நேரடியானது. பணியில் பட்ட காயம் என்று பதிவானால் இ.எஸ்.ஐ. தற்காலிக ஊனப் பயனாகச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு தரும். சாதாரண நோய் என்று எழுதிவிட்டால் 70 விழுக்காடுதான். நாளை அந்த விரல் மடங்காமல் போனால், நிரந்தர ஊனப் பயன் கேட்பதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. ஐந்து நாள் சம்பளம் அதற்கு ஈடாகாது.

ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கான விடை பெரும்பாலும் நுழைவாயில் பலகையிலேயே இருக்கும். வேலைநாள் இழந்த காயங்களின் எண்ணிக்கையைப் பத்து லட்சத்தால் பெருக்கி, மொத்த வேலை மணி நேரத்தால் வகுத்தால் வருவது விபத்து அடுக்கு விகிதம். 300 பேர் தினம் 8 மணி நேரமாக ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் மொத்தம் 7,20,000 மணி நேரம். மூன்று காயம் என்றால் விகிதம் 4.17. இரண்டை மறைத்துவிட்டால் 1.39. மேலாளரின் ஊக்கத்தொகையும் வாடிக்கையாளர் நிறுவனம் தரும் மதிப்பெண்ணும் அந்த எண்ணைப் பொறுத்தவை என்றால், முதலுதவி அறைக்கு வெளியே ஒரு வார்த்தை கசியாமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். விகிதம் உண்மையாகவே குறைந்திருந்தாலும் அது முழுக் கதையைச் சொல்லாது. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2004ஆம் ஆண்டின் காய விகிதம் அதுவரை இருந்ததிலேயே மிகக் குறைவு. 2005 மார்ச் 23 அன்று அங்கே நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தனர்.

விபத்து பதிவானால் அடுத்து விசாரணை அறிக்கை வரவேண்டும். தணிக்கையாளர் சுட்டிக்காட்டிய பிறகு நமது பிரஸ் ஷாப்பும் ஓர் அறிக்கை எழுதுகிறது. காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’, நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘அறிவுறுத்தப்பட்டது’. இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்புவதே முறை. கை ஏன் அச்சுக்குள் போனது? வெட்டிய துண்டு கீழே விழாமல் அச்சில் ஒட்டிக்கொண்டது. ஏன் ஒட்டியது? தள்ளிவிடும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. பராமரிப்புப் புத்தகத்தில் அதே அச்சைப் பற்றி மூன்று புகார்கள் முன்பே ஏறியிருக்கின்றன. கை உள்ளே போனதும் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய ஒளித்திரை என்ன ஆனது? சாவி போட்டு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாவி ஷிஃப்ட் இன்சார்ஜிடம் இருந்தது. துண்டு ஒட்டும்போதெல்லாம் இயந்திரம் நின்றால் இரவு ஷிஃப்டின் இலக்கு எட்டாது. இவ்வளவு தெரிந்த பிறகு விரல் வெட்டுப்பட்டதில் வியப்பில்லை.

அடுத்தது திருத்த நடவடிக்கை. ஸ்பிரிங் மாற்றப்படுகிறது, சாவி பாதுகாப்பு அதிகாரியிடம் போகிறது, ஷாப்பில் உள்ள பன்னிரண்டு பிரஸ்களுக்கும் ஒளித்திரை பொருத்த உத்தரவாகிறது. இரண்டு மாதத்தில் பட்டியலில் எல்லாவற்றுக்கும் எதிரே ‘முடிந்தது’ என்று விழுகிறது, புகைப்படமும் இணைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான தணிக்கைகள் இங்கேயே திருப்தியடைந்து எழுந்துவிடுகின்றன. உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான்.

அந்தப் பன்னிரண்டில் ஐந்து பழைய வகைப் பிரஸ்கள், சாவிக் கிளட்ச் கொண்டவை. அவற்றில் பெடலை மிதித்து கிளட்ச் பிடித்துவிட்டால் சுற்று முழுதாக முடிந்த பிறகே இயந்திரம் நிற்கும். நடுவழியில் நிறுத்த வழியே கிடையாது. ஒளித்திரை கையைக் கண்டு ஆணை அனுப்பினாலும் அச்சு இறங்கியே தீரும். இங்கே வேண்டியது விரல் நுழைய முடியாத நிலையான காப்புக் கூண்டு. ஒளித்திரை எரிவதைப் பார்க்கும் தொழிலாளி தனக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி, முன்பைவிடத் தைரியமாகக் கையை நீட்டுவார். தவறான திருத்தம் இந்த இடத்தில் அபாயத்தைக் கூட்டியிருக்கிறது. பட்டியலோ பச்சை நிறம் காட்டுகிறது.

மற்ற ஏழும் உராய்வுக் கிளட்ச் பிரஸ்கள். அவற்றை நடுவில் நிறுத்த முடியும், ஆனால் ஒளித்திரை அச்சிலிருந்து போதிய தூரத்தில் இருக்க வேண்டும். கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீளும் என்று வைத்துக் கணக்கிடுவது தரநிலை வழக்கம். விரலையே கண்டறியும் நுண்மையான ஒளித்திரையாக இருந்து, இயந்திரம் நிற்க 0.15 நொடி எடுத்தால் 300 மில்லிமீட்டர் தூரம் வேண்டும். பிரேக் பட்டை தேய்ந்து அது 0.22 நொடி ஆனால் தூரம் 440 மில்லிமீட்டராக உயர்ந்துவிடும். ஒளித்திரை 300 மில்லிமீட்டரிலேயே இருந்தால் கை முந்திக்கொள்ளும். பிரேக் தேய்ந்திருப்பது எந்தப் புகைப்படத்திலும் தெரியாது. நிற்கும் நேரத்தைக் கருவி வைத்து அளந்த தாளைத் தணிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டும். அதில் தேதி வேண்டும், அளந்தவரின் கையெழுத்து வேண்டும்.

திருத்தப் பட்டியலின் தேதிகளும் பேசும். முப்பது நடவடிக்கைகளில் இருபது, வெளித் தணிக்கைக்கு முந்தைய இரண்டு நாளில் முடிந்ததாக இருந்தால் அவை மேசையில் முடிந்தவை. கெடு முடியும்போதெல்லாம் புதுத் தேதி போடும் வழக்கம் இருந்தால், ‘தாமதம் எதுவும் இல்லை’ என்ற மாத அறிக்கைக்கு மதிப்பில்லை. முதலில் குறித்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். வேலையைச் செய்த துறையே ‘முடிந்தது’ என்று கையெழுத்திடுவதையும் ஏற்கக் கூடாது.

பணிப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 45001 தரநிலை, எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று மதிப்பிடுவதைத் தனித் தேவையாகவே வைத்திருக்கிறது. பிரஸ் ஷாப்பில் அதன் பொருள், மூன்று மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி இரவு ஷிஃப்டில் போய் நிற்பது. சோதனைக் கம்பியை ஒளித்திரைக்குள் நீட்டி இயந்திரம் நிற்கிறதா என்று பார்க்கலாம். அணைப்புச் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இரு கைப் பொத்தான்களில் ஒன்று டேப் சுற்றி அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கவனிக்கலாம். இன்சார்ஜ் அருகில் இல்லாதபோது ஒப்பந்தத் தொழிலாளியிடம், துண்டு இப்போதும் ஒட்டுகிறதா என்று கேட்க வேண்டும். அவர் ‘ஒட்டுது’ என்றால், பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும் அந்த நடவடிக்கை இன்னும் முடியவில்லை.