ரெஸ்யூம் அனுப்பப் போறீங்களா? உங்க லேப்டாப்பை மட்டும் நம்பாதீங்க... ஏன்?

மயிலாப்பூரில் இருக்கும் ஒரு பி.ஏ. தமிழ் பட்டதாரி, தி.நகர் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்யூமைத் தமிழிலேயே தயார் செய்துவிட்டார். நாலு முறை படித்தும் பார்த்துவிட்டார். ஆனால் அதில் 'பனி அனுபவம்: 2 ஆண்டுகள்' என்று இருக்கிறது. பிழை திருத்தும் வேலை கேட்டு வரும் ரெஸ்யூமிலேயே இப்படி இருந்தால், அடுத்த வரியை யார் படிப்பார்கள்?

கண்ணில் படாதது ஏன்?

எழுதியவருக்கு அடுத்த வார்த்தை என்னவென்று முன்பே தெரியும். அதனால் கண் எழுத்தைப் பார்ப்பதற்குள் மனசு வாக்கியத்தை முடித்துவிடும். சத்தமாகப் படித்தால் அந்த வேகம் குறையும். விட்டுப்போன சொல், இரண்டு முறை விழுந்த சொல், 'நான்' என்று ஆரம்பித்து 'செய்தார்' என்று முடிகிற வாக்கியம் எல்லாம் நாக்கு தடுமாறும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். போன் நம்பரையும் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, கையில் இருக்கும் போனோடு ஒத்துப் பாருங்கள்.

ஆனால் தமிழில் ஒரு சிக்கல் இருக்கு. பேசும்போது நம்மில் பலர் ணகரத்தையும் னகரத்தையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். அப்படிப் படித்தால் 'பனி'யும் 'பணி'யும் காதுக்கு ஒன்றுதான். 'பனி'யும் அகராதியில் உள்ள சொல் என்பதால் ஸ்பெல்செக்கரும் சிவப்புக் கோடு போடாது. ஆகவே ண, ள, ழ, ற வரும் இடங்களில் பள்ளிக்கூடத்தில் வாசித்த மாதிரி நாக்கை மடக்கி, நிறுத்திப் படிக்கணும். வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்!

லிங்க் உங்களுக்கு மட்டும் திறக்குதா?

தான் திருத்திய பக்கங்களை கூகுள் டிரைவில் போட்டு, 'மாதிரிப் பணிகள்' என்ற சொல்லில் லிங்க் வைத்திருக்கிறார் அந்தப் பட்டதாரி. அவர் தட்டினால் உடனே திறக்கிறது. காரணம், அந்த பிரவுசரில் அவருடைய ஜிமெயில் ஏற்கனவே லாகின் ஆகியிருக்கு. டிரைவில் ஒரு ஃபைலைப் போட்டால் அது பொதுவாக Restricted என்றே இருக்கும். மற்றவர் தட்டினால் அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். அனுமதி கேட்டுக் காத்திருக்க பதிப்பகத்தாருக்கு நேரம் இருக்காது. Share பகுதியில் Anyone with the link, Viewer என்று மாற்றிவிட்டு, Incognito விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால்தான் வெளியாருக்கும் திறக்கும்.

பிடிஎஃப் ஆக்கும்போதும் கவனம் தேவை. வேர்டில் Save As மூலம் பிடிஎஃப் எடுத்தால் லிங்க் அப்படியே இருக்கும். Microsoft Print to PDF வழியாக எடுத்தால் லிங்க் வைத்த சொல் வெறும் எழுத்தாகிவிடும். அதனால் லிங்கை பிடிஎஃபில் தட்டிப் பார்ப்பதுதான் சரி, வேர்டில் அல்ல.

வேறு கருவியில் திறந்தால் 'jkpo;'

கடைசியாக, ஃபைலை வேறு போனிலோ, லஸ் பக்கம் ஏதாவது ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரிலோ திறக்கணும். டிடிபி வேலை பழகியவர்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்வதுண்டு. அதில் 'தமிழ்' என்பது உள்ளுக்குள் jkpo; என்ற ஆங்கில எழுத்துகள்தான். பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் அது தமிழாகத் தெரியும். வேர்டு ஃபைல் பொதுவாக எழுத்துருவைத் தன்னோடு கொண்டுபோகாது. எனவே எதிர்முனையில் பாமினி இல்லை என்றால் ரெஸ்யூம் முழுக்க jkpo; மாதிரிதான் தெரியும்.

எழுத்துருவைச் சேர்த்து பிடிஎஃப் எடுத்தால் பார்க்கச் சரியாக இருக்கும். ஆனாலும் பிரச்சனை தீரவில்லை. அதிலிருந்து ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கே jkpo; வந்தால், மெயிலில் உங்கள் பெயரைத் தமிழில் தேடுபவருக்கு இந்த ரெஸ்யூம் கிடைக்காது. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ரெஸ்யூமையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே தீர்வு. விண்டோஸில் உள்ள Nirmala UI போதும். ஆனால் மாற்றிய பிறகு முதலிலிருந்து ஒருமுறை சத்தமாகப் படிக்கணும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு.

வெளியிடத்து கம்ப்யூட்டரில் இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பக்கத்தில் அடங்கிய ரெஸ்யூமின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். அதைச் சரிசெய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பிய பிறகு, அந்தக் கம்ப்யூட்டரில் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, ஜிமெயில், வாட்ஸ்அப் வெப் இரண்டையும் லாக்அவுட் செய்துவிட்டுக் கிளம்புங்க. உங்க முகவரியும் போன் நம்பரும் அதில்தானே இருக்கு!