மூடியைக் கழற்றிய படத்தைக் கேளுங்கள்

மொன்ட்ரியால்-நோரில் விற்றமின் போத்தலையும் குழந்தைப் பால்மா ரின்னையும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். மூடிய போத்தலின் படம் எதையும் காட்டாது.

மூடியைக் கழற்றினால் போத்தல் வாயில் அலுமினியத் தாள் தெரியவேண்டும். தொழிற்சாலையில் மின்காந்தச் சுருளின் கீழே இந்தத் தாள் சூடாகும். அதன் அடியிலுள்ள பிளாஸ்டிக் உருகி விளிம்பில் ஒட்டும். மேலே மெழுகால் ஒட்டியிருந்த மட்டை பெரும்பாலும் மூடிக்குள் தங்கிவிடும். எனவே மட்டையைக் காட்டி “சீல் இருக்கு” என்றால் அது சாட்சியல்ல. 1982இல் சிக்காகோவில் ரைலனோல் குளிசையில் சயனைட் கலக்கப்பட்டு 7 பேர் இறந்த பின்னரே அமெரிக்கா இத்தகைய காப்பைச் சட்டமாக்கியது.

பால்மா ரின்னில் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழேயுள்ள தகடு விளிம்பு முழுவதும் ஒட்டியிருக்கிறதா, துளையோ பசைத் தடமோ உண்டா என்று பாருங்கள். அடிப்பக்கப் படமும் வேண்டும். (கணக்காளன் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தையும் புரட்டுவான்!) 2022 பெப்ரவரியில் அபொட் நிறுவனம் கிருமி அச்சத்தால் சில பால்மா வகைகளைக் கனடாவிலும் திரும்பப் பெற்றது. தகடு உடையாத ரின்களும் அதில் அடங்கும். அவற்றை அடியிலுள்ள தொகுதி இலக்கத்தால்தான் பிரித்தறிய முடிந்தது.

வெயிலில் நின்ற காருக்குள் ரின் எத்தனை நாள் கிடந்தது என்பதை எந்தப் படமும் காட்டாது.