உயரம் நின்றால் குடலையும் பாருங்கள்

1980-ல் லண்டனைச் சேர்ந்த மருத்துவக் குழு ஒன்று, வயதுக்கேற்ற உயரமில்லை என்று அழைத்து வரப்பட்ட 34 குழந்தைகளின் சிறுகுடலைப் பரிசோதித்தது. குழந்தை வளர்ச்சி ஆய்வில் பெரிய பெயரான ஜேம்ஸ் டானரும் அந்தக் குழுவில் இருந்தார். குழந்தைகளுக்கு வயிற்றுத் தொந்தரவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனாலும் எட்டுப் பேரின் குடலில் சீலியாக் நோய் இருந்தது.

சீலியாக் என்றால் கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய், ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, குச்சியான கைகால் என்றுதான் அதுவரை பெரும்பாலும் அறியப்பட்டிருந்தது. உயரக் குறைவு மட்டுமே அதன் ஒரே வெளி அடையாளமாக இருக்க முடியும் என்பதை இந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வேறு காரணம் எதுவும் பிடிபடாத குட்டையான குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் இதற்குத் தூண்டுகோல். குறிப்பிட்ட மரபணு வகை உள்ள சிலருக்கு, அந்தப் புரதம் குடலுக்குள் போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில், துவாலையின் இழைகளைப்போல் நெருக்கமாக நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து சுவர் மொழுக்கென்று ஆகிவிடுகிறது. உணவு உள்ளே போனாலும் சத்து ரத்தத்தில் சேர்வது குறைந்துபோகிறது.

அப்படியானால் வயிற்றுப்போக்கு ஏன் இல்லை? சேதம் அதிகமாக விழுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். அதற்குப் பிறகு சில மீட்டர் நீளத்துக்கு நல்ல குடல் இருக்கிறது. மாவுச்சத்தையும் கொழுப்பையும் அது ஓரளவு உறிஞ்சி ஈடுகட்டிவிடுவதால் வயிறு அமைதியாக இருக்கிறது. ஆனால் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகின்றன. டானிக் கொடுத்தும் ஏறாத ரத்தசோகை, உயரக் குறைவோடு சேர்ந்து வருவது இதனால்தான். இதோடு, குடலில் ஓயாமல் நடக்கும் அழற்சி வளர்ச்சி ஹார்மோனின் வேலையையும் கெடுக்கிறது. அந்த ஹார்மோனின் சொல்படி எலும்பை வளர்க்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடுகிறது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு, வட இந்திய நகரம் ஒன்றில் வளரும் ஒன்பது வயதுச் சிறுமியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அவளுடைய உயரம் 118 செ.மீ. அப்பாவின் உயரம் 172, அம்மாவின் உயரம் 158. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, பெண் குழந்தை என்பதால் 6.5 கழித்தால் 158.5 செ.மீ. வருகிறது. வளர்ந்து முடியும்போது அவள் ஏறக்குறைய இந்த உயரத்தை எட்ட வேண்டும். ஆகவே "பரம்பரையே குட்டை" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது பழைய அளவுகளை. நான்கு வயது முதல் பருவமடையும் வரை ஒரு குழந்தை ஆண்டுக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர வேண்டும். இந்தச் சிறுமி போன வருடம் 114.5 செ.மீ. இருந்தாள். ஓராண்டில் ஏறியது மூன்றரை செ.மீ. மட்டுமே. ஒருநாள் எடுத்த உயரத்தைவிட இந்த வேகம்தான் நம்பகமான தடயம். மருத்துவர் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிறார். அது ஏழு வயதுக் குழந்தையின் எலும்பைப்போல் இருக்கிறது. கவலைப்பட வேண்டியதுதான், ஆனால் நல்ல சேதியும் அதிலேயே உண்டு: எலும்பு பின்தங்கியிருப்பதால் வளர்வதற்கு இன்னும் ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் தடம் மாறிப்போக வாய்ப்பு அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனை செய்தால், சீலியாக் உள்ள சில குழந்தைகளுக்கு அது குறைவாகவே காட்டும். அதை நம்பி விலை கூடிய ஹார்மோன் ஊசியைத் தொடங்கினால், பணம் போகும், எதிர்பார்த்த பலன் வராது. குடல் ஆறியதும் அதே பரிசோதனை பலருக்கு இயல்பாகிவிடுகிறது. அதனால் ஊசிக்கு முன்னால் சீலியாக் இல்லை என்று உறுதி செய்துகொள்வது முறை.

முதல் படி சாதாரண ரத்தப் பரிசோதனைதான். டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பார்ப்பார்கள். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் கேட்டு வாங்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. உருவாவதில்லை. அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் பரிசோதனை "இல்லை" என்றே சொல்லும். முடிவு "உண்டு" என வந்தால், எண்டோஸ்கோபி மூலம் சிறுகுடலின் தொடக்கத்தில் பல இடங்களிலிருந்து துளித் திசு எடுத்து உறுதிப்படுத்துவார்கள். சேதம் திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஓரிடத்துத் திசு போதாது. எதிர்ப்பொருள் உச்ச வரம்பைப்போல் பத்து மடங்கு இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியில் வேறொரு எதிர்ப்பொருளும் தென்பட்டால், எண்டோஸ்கோபி இல்லாமலே முடிவு செய்யலாம் என்கிறது ஐரோப்பிய குழந்தை மருத்துவ அமைப்பின் 2020 வழிகாட்டுதல்.

சந்தேகம் வந்தவுடன் பெற்றோர் தாங்களாகவே சப்பாத்தியை நிறுத்துவது பெரிய தவறு. கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கும், பரிசோதனை எதையும் காட்டாது. எல்லாம் முடியும்வரை குழந்தை வழக்கம்போல் கோதுமை சாப்பிட வேண்டும்.

நோய் உறுதியானால் சிகிச்சை ஒன்றே ஒன்று, ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பரோட்டா, பிஸ்கட் கூடாது என்பது எளிதில் புரிந்துவிடும். ஒளிந்திருப்பவைதான் சிக்கல். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. சோயா சாஸிலும் கோதுமை சேர்வதுண்டு. கோதுமை அரைத்த மில்லில் கம்பை அரைத்தாலும் கலப்படம்தான். இந்தியாவில் ஒரு பொருளின் மேல் குளூட்டன் இல்லை என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி.

தமிழ்நாட்டில் இது அரிதாகவே தென்படுகிறது. 2016-ல் வெளியான அகில இந்திய ஆய்வில், வட இந்தியாவில் நூறில் 1.23 பேருக்கும், தென்னிந்தியாவில் நூறில் 0.10 பேருக்கும் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பகுதியிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இருந்தது. வித்தியாசம் தட்டில்தான்: வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம்தான்.

உணவை மாற்றியதும் முதலில் ஏறுவது எடை. உயரம் சில மாதங்கள் கழித்து வேகம் பிடிக்கும், முதல் ஆண்டில் எட்டு, ஒன்பது செ.மீ. ஏறுவதும் உண்டு. விட்ட உயரத்தைப் பிடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். பருவமடைந்த பிறகு கண்டுபிடித்தால் முழுதாக ஈடுகட்டுவது கடினம். ஓராண்டு கண்டிப்பாகக் கடைப்பிடித்து, எதிர்ப்பொருளும் இறங்கிய பின்னும் உயரம் அசையவில்லை என்றால், அப்போது வளர்ச்சி ஹார்மோனைப் பரிசோதிப்பதில் அர்த்தம் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு இரண்டு குறையும் சேர்ந்தே இருப்பதுண்டு.