கடைக்காரர் கேட்ட 40 பாக்கெட்: கட்டுப்படி ஆகுமா?

பிரேக்-ஈவன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது எக்கனாமிக்ஸ் பேப்பர்ல வரைஞ்ச அந்த ரெண்டு கோடுதான். ஒண்ணு செலவு, ஒண்ணு வருமானம், ரெண்டும் வெட்டிக்கிற இடத்துல ஒரு வட்டம், அதுக்கு மார்க். ஆனா நிஜத்துல ஒரு சின்ன தொழில் பண்றவங்க கேட்கிற கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லாது. அவங்க கேள்வி இப்படி இருக்கும்: "அண்ணாச்சி தினமும் 40 பாக்கெட் கேட்கிறார், கொடுக்கலாமா?"

இதையே எடுத்துக்குவோம். ஒரு அக்கா வீட்டுப் பக்கத்துல ஒரு ஷெட் வாடகைக்குப் பிடிச்சு இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்கன்னு வைச்சுக்கோங்க. ஒரு கிலோ பாக்கெட் 50 ரூபா. தெருவுல இருக்கிறவங்க நேரா வந்து வாங்கிட்டுப் போறாங்க, தினமும் 60 பாக்கெட், மாசம் 26 நாள். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.

முதல்ல அடக்க விலை. ஒரு கிலோ மாவுக்கு இட்லி அரிசி 320 கிராம், கிலோ 45 ரூபான்னா 14.40. உளுந்து 80 கிராம், கிலோ 120 ரூபான்னா 9.60. வெந்தயம், உப்பு 50 பைசா, கவர் ஒரு ரூபா, கரண்ட் 1.50. மொத்தம் 27 ரூபா. இவ்வளவும் ஒரு பாக்கெட் கூடினா கூடுற செலவு.

பாக்கெட் போட்டாலும் போடாட்டியும் போற செலவு தனி. வாடகை 4,000, உதவிக்கு வர்றவங்க சம்பளம் 9,000, கிரைண்டர் தவணை 3,500, போன் அது இதுன்னு 500. ஆக 17,000. இதோட நிறுத்திடுறவங்கதான் நிறைய பேர். அந்த அக்கா விடிகாலைல எழுந்து அரைக்கிறாங்களே, அவங்க சம்பளம்? வேற எங்காவது வேலைக்குப் போனா 12,000 கிடைக்கும்னா அதையும் இங்கே சேர்க்கணும். அப்போ மாசச் செலவு 29,000. இதைச் சேர்க்காத கணக்குல தொழில் லாபத்துல ஓடுற மாதிரியே தெரியும், ஆனா அந்த லாபம் அக்காவோட கூலிதான்.

அடுத்து வேஸ்ட். மாவு புளிச்சுடும், மறுநாள் விக்க முடியாது. 100 பாக்கெட் போட்டா 10 மிஞ்சுதுன்னா, போட்ட 100-க்கான செலவை வித்த 90 தாங்கணும். அதனால 27-ஐ 0.9-ஆல வகுக்கணும், 30 ரூபா வரும். இங்கே 27 கூட பத்து சதவீதம் கூட்டி 29.70-னு போடுறது சகஜம். முப்பது பைசாதானே வித்தியாசம்னு தோணும். வேஸ்ட் 20 சதவீதம் ஆனா இந்த முறை 32.40 காட்டும், சரியான விடை 33.75. வேஸ்ட் கூடக் கூட தப்பும் பெருசாகும்.

சரி, ஷீட்டுக்குப் போவோம். எண்களை ஃபார்முலாவுக்குள்ளேயே அடிச்சு வைக்காம, ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு காலம் ஒதுக்குறதுதான் ஐடியா. B1 செல்லுல 1, 2, 3-னு ஒரு நம்பர் மட்டும் மாத்துவோம். C, D, E காலங்கள்ல நிலைமைகள் இருக்கும். B காலம், தேர்ந்தெடுத்த நிலைமையை இழுத்துட்டு வரும்.

| வரிசை | | C (1) நேரடி | D (2) உளுந்து ஏறினா | E (3) கடை வழி |
|---|---|---|---|---|
| 3 | கைக்கு வர்ற விலை | 50 | 50 | 42 |
| 4 | பாக்கெட் செலவு | 27 | 31 | 27 |
| 5 | வேஸ்ட் | 10% | 10% | 20% |
| 6 | மாசச் செலவு | 29,000 | 29,000 | 31,000 |

உளுந்து கிலோவுக்கு 50 ரூபா ஏறினா 80 கிராமுக்கு 4 ரூபா, அதான் 31. கடை வழின்னா அண்ணாச்சிக்கு பாக்கெட்டுக்கு 8 ரூபா கமிஷன், விக்காததைத் திருப்பிக் கொடுத்துடுவார், வண்டி பெட்ரோலுக்கு மாசம் 2,000 கூட.

B3-ல முதல் வரியைப் போட்டு B6 வரைக்கும் இழுங்க. மத்த வரிகள் B8-ல இருந்து B12 வரை, வரிசையா:

```
=INDEX($C3:$H3,$B$1)

=B4/(1-B5)
=B3-B8
=B9/B3
=IF(B9>0,ROUNDUP(B6/B9,0),NA())
=ROUNDUP(B11/26,0)
```

H வரைக்கும் ரேஞ்ச் விட்டது எதுக்குன்னா, நாளைக்கு நாலாவது நிலைமை வந்தா F-ல எழுதிட்டு B1-ல 4 போட்டா போதும். B8 உண்மையான அடக்க விலை. B9 ஒரு பாக்கெட் வித்தா மாசச் செலவைக் கட்ட மிஞ்சுற காசு, பாடத்துல கான்ட்ரிபியூஷன்னு படிச்சோமே, அதுதான். B10 கிராஸ் மார்ஜின். B11 மாசத்துக்கு எத்தனை பாக்கெட் வித்தா கட்டுப்படி ஆகும், B12 அதையே நாளுக்கு.

B11-ல அந்த IF ஏன்? விலையை விட அடக்கம் அதிகமாப் போனா B9 மைனஸ் ஆயிடும், வகுத்தா மைனஸ் 900 பாக்கெட்னு ஏதோ வரும். அவசரத்துல அந்த மைனஸ் கண்ணுல படாது. #N/A வந்தா கண்டிப்பா படும். அதுக்கு அர்த்தம், எத்தனை வித்தாலும் தேறாது.

கிராஸ் மார்ஜின் பத்தி ஒரு வார்த்தை. கணக்கு எழுதுறவங்க மாவு அரைக்கிறவங்க சம்பளத்தையும் அடக்கத்துல சேர்ப்பாங்க, அப்போ மார்ஜின் குறைஞ்சு தெரியும். நம்ம ஷீட்டுல அது மாசச் சம்பளம், பாக்கெட்டோட கூடாது, அதனால கீழே வைச்சிருக்கோம். ரெண்டு இடத்துலயும் சேர்த்துடாதீங்க, அவ்வளவுதான். இன்னொண்ணு, இந்த சதவீதம் விற்பனை விலை மேல. 20 ரூபா, 50-ல 40 சதவீதம். அதே 20, அடக்கம் 30 மேல பார்த்தா கிட்டத்தட்ட 67 சதவீதம். "எனக்கு 40 சதவீதம் நிக்கணும்"னு சொல்லி 30 மேல 40 சதவீதம் ஏத்தினா விலை 42-தான் வரும். 30-ஐ 0.6-ஆல வகுத்தாதான் 50.

இப்போ B1-ஐ மாத்திப் பாருங்க. 1 போட்டா மார்ஜின் 40%, மாசம் 1,450 பாக்கெட், நாளுக்கு 56. அக்கா 60 விக்கிறாங்க, அதாவது தலைக்கு மேல நாலே பாக்கெட். அவங்க சம்பளம் போக மாசம் 2,200 நிக்கும். 2 போட்டா மார்ஜின் 31% சொச்சம், நாளுக்கு 72 பாக்கெட். உளுந்து மட்டும் ஏறினதுக்கு இவ்வளவு! 3 போட்டா ஒரு பாக்கெட்டுக்கு மிஞ்சுறது 8.25, நாளுக்கு 145 பாக்கெட். வேஸ்டையும் சேர்த்தா 181-க்கு மேல அரைக்கணும். இருக்கிற கிரைண்டர்ல 120-தான் முடியும்னா, இன்னொரு கிரைண்டர் வேணும், B6 ஏறும், உடனே B11-உம் ஏறும். பாடப் புத்தகத்துல நேர்கோடா இருக்கிற மாசச் செலவு நிஜத்துல படிக்கட்டு மாதிரி. B12-ஐப் பார்க்கும்போதெல்லாம் அதை நம்ம கிரைண்டர் தாங்குமான்னு ஒரு தடவை பார்க்கணும்.

B1-ஐ மாத்தியும் விடை அசையலைன்னா B காலத்துல யாரோ ஃபார்முலா மேல நேரா நம்பர் அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். Ctrl+` அழுத்தினா எல்லா ஃபார்முலாவும் தெரியும், நம்பரா நிக்கிற செல் மாட்டிக்கும்.

145-னு பார்த்ததும் "அண்ணாச்சிக்கு வேண்டாம்"னு முடிவு பண்ணத் தோணும். அது சரியில்லை. ஏன்னா அக்கா நேரடி விற்பனையை விட்டுட்டு கடைக்குப் போகலை, அது மேல இது. வாடகையும் சம்பளமும் ஏற்கெனவே 60 பாக்கெட்ல வந்துடுச்சு. புதுசா கூடுற செலவு பெட்ரோல் 2,000 மட்டும். 2,000-ஐ 8.25-ஆல வகுத்தா 243 பாக்கெட், நாளுக்கு 10. கடையில 40 வித்தா மாசம் 6,580 கூடுதலா வரும். அப்போ கொடுக்கலாம்தானே?

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. கடை அதே ஏரியா. இதுவரைக்கும் அக்காகிட்ட வாங்கினவங்க சிலர், பால் வாங்கப் போற இடத்துலயே மாவையும் எடுத்துடுவாங்க. அப்படி மாறின ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நேரடியா கிடைச்ச 20 ரூபா போயிடும். இதை ஒரே ஒரு நிலைமை காட்டுற B காலத்தால கணக்குப் போட முடியாது, ரெண்டு நிலைமையும் ஒரே நேரத்துல வேணும். B8, B9 ரெண்டையும் F வரைக்கும் வலது பக்கம் இழுங்க. B15-ல கடையில விக்கிறது 40, B16-ல அதுல நம்ம பழைய ஆளுங்க 15-னு போட்டு இதை எழுதுங்க:

```
=26*(B15*E9-B16*C9)-(E6-C6)
```

விடை மைனஸ் 1,220. விற்பனை 60-ல இருந்து 85 ஆயிருக்கு, அக்கா கூடுதலா அரைக்கிறாங்க, கையில நிக்கிறது 2,200-ல இருந்து 980 ஆயிடுச்சு. B16-ஐ 12 ஆக்கினா பிளஸ், 13-ல மைனஸ். மொத்த முடிவும் அந்த ஒரு செல்லுல தொங்குது.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு அண்ணாச்சிகிட்ட எதைப் பேசலாம்? எல்லாரும் கமிஷனைக் குறைக்கச் சொல்லித்தான் கேட்பாங்க. F காலத்துல வேற ஒண்ணு போட்டுப் பாருங்க: விலை 40, பாக்கெட் செலவு 27, வேஸ்ட் 0, மாசச் செலவு 31,000. அதாவது அவருக்கு இன்னும் 2 ரூபா கூடக் கொடுக்கிறோம், ஆனா திருப்பி எடுக்க மாட்டோம். சொன்ன அளவுதான் அரைக்கிறோம், அதனால கடைப் பக்கம் மிச்சம் இல்லை. பாக்கெட்டுக்கு மிஞ்சுறது 8.25-ல இருந்து 13 ஆயிடும். ஃபார்முலாவுல E-க்குப் பதிலா F போட்டா, 15 பேர் மாறின பிறகும் பிளஸ் 3,720. 36 ரூபாய்க்குக் கொடுத்தாலும் 9 ரூபா நிக்குது, பழைய பேச்சை விட அதுவே மேல். ரிஸ்க் அவர் தலையில விழுறதால 40-க்குப் பதிலா 30-தான் எடுப்பேன்னு சொல்வார், சொல்லட்டும். விலை 40-லயே நின்னா, 30-க்கும் 340 ரூபா பிளஸ்தான்.

B16-ஐ யாரும் முன்கூட்டியே கணிக்க முடியாது, எண்ணத்தான் முடியும். கடைக்குக் கொடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் நேரடி விற்பனையை நோட்டுல குறிச்சு வைங்க, கொடுத்த பிறகு ரெண்டு வாரம் குறிங்க. பண்டிகை வர்ற வாரத்தை விட்டுடுங்க. ரெண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் B16-ல போட வேண்டிய நம்பர்.