ஒரு வீட்டுக் கடன், இருவருக்கு வரிச் சலுகை: எப்போது கிடைக்கும்?

வீட்டுக் கடனை கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால், இருவருமே வருமான வரியில் கழிவு கேட்கலாம். இது பலருக்கும் தெரியும். ஆனால் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான், "அவங்க பேர் பத்திரத்தில் இல்லையே?" என்ற கேள்வி வரும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

மாதத் தவணையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வட்டி, மற்றொன்று அசல். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு, ஒருவருக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. அசலுக்கு 1.5 லட்சம் வரை. ஆனால் இந்த 1.5 லட்சத்துக்குள்தான் பி.எஃப்., ஆயுள் காப்பீட்டு பிரீமியம் எல்லாமே அடங்கணும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதத் தவணை 45,000 ரூபாய். 2024-25-இல் கட்டிய 5,40,000 ரூபாயில் வட்டி 3,60,000, அசல் 1,80,000. கணவர் மட்டும் கடன்தாரர் என்றால், வட்டியில் 2 லட்சம்தான் கழியும், 1,60,000 வீணாகும். அவருக்கு பி.எஃப். 70,000 இருந்தால், அசலில் 80,000-க்குத்தான் இடம் இருக்கும்.

இருவரும் சரிபாதி உரிமையாளர்கள், சரிபாதி கடன்தாரர்கள் என்றால் ஆளுக்கு வட்டி 1,80,000. முழு வட்டியும் கழிந்துவிடும். அசலில் ஆளுக்கு 90,000. கணவருக்கு அதில் 80,000 கழியும். மனைவியின் பி.எஃப். 50,000 என்றால், அவர் பங்கு 90,000-மும் முழுசா கழியும்.

இதற்கு மூன்று விஷயங்கள் சேர்ந்து இருக்கணும். கிரயப் பத்திரத்தில் பெயர் வேண்டும். கடன் ஒப்பந்தத்திலும் பெயர் வேண்டும். தவணையில் தன் பங்கைத் தானே கட்டியிருக்க வேண்டும். வங்கி கேட்டதற்காகக் கடனில் மட்டும் கையெழுத்துப் போட்டவருக்குக் கழிவு இல்லை. தவணை கணவர் கணக்கிலிருந்து போகிறதா? மனைவி தன் பங்கை மாதாமாதம் அந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டால், பாஸ்புக்கே சாட்சியாகிவிடும்.

வங்கி தரும் வட்டிச் சான்றில் பெரும்பாலும் மொத்தத் தொகைதான் இருக்கும். அதை அப்படியே இருவரும் அலுவலகத்தில் கொடுத்து, இரண்டு பேரும் முழு வட்டியைக் கேட்டால் தவறு. இருவர் கேட்கும் தொகையையும் கூட்டிப் பாருங்கள். உண்மையில் கட்டியதைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று: இந்தக் கழிவுகள் பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டியும் கழியாது, அசலும் கழியாது. மனைவி புதிய முறையில் இருந்தால், அவருடைய பங்கைக் கணவர் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே முறையைத் தேர்ந்தெடுக்கும் முன், இருவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள். வீடு வாங்கும்போதே, இருவர் பெயரும் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.